மல்லிகை கிலோ 900 ரூபாய்: நுகர்வோர் உபரியையும் உற்பத்தியாளர் உபரியையும் பரப்பளவாக அளப்பது எப்படி

மார்கழியில் ஒரு காலை, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ 700 ரூபாயிலிருந்து 900-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் ஒரு முகூர்த்த நாளிலும் அதே 700 அதே 900 ஆகிறது. இந்த இரண்டு நாட்களில் பூ விவசாயிகளின் உபரி என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டால், முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள்: "கூடும் சார், விலை கூடுதுல்ல."

ஒரு நாளில் அது இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இன்னொரு நாளில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. விலைப் பலகையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பளவைப் பார்த்தால் சொல்லிவிடலாம். எண்கள் எல்லாம் கணக்கு சுலபமாக வருவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, மார்க்கெட் நிலவரம் அல்ல. ஒரு தாளும் அடிக்கோலும் எடுத்துவைத்துக்கொண்டு கூடவே வரைந்து வாருங்கள். வரையாமல் படித்தால் இந்தப் பாடம் கையில் நிற்காது.

முதலில் ஒரு முழம் பூ

மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வாழைநாரில் பூக் கட்டி விற்கும் ஓர் அம்மா. முழம் 40 ரூபாய். அவரிடம் ஐந்து பேர் வருகிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் "இதுக்கு மேல போனா வேண்டாம்" என்று ஒரு விலை இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு அவசரமாகப் போகிறவருக்கு அது 80. வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ இல்லாமல் முடியாது என்கிறவருக்கு 60. மூன்றாமவருக்கு 50, நான்காமவருக்குச் சரியாக 40. ஐந்தாவதாக வரும் கல்லூரிப் பெண்ணுக்கு 25.

எல்லாரிடமும் வாங்குவது 40 தான். 80 வரை தரத் தயாராக இருந்தவருக்கு 40 ரூபாய் மிச்சம். அடுத்தவருக்கு 20, அதற்கடுத்தவருக்கு 10. நான்காமவருக்கு மிச்சம் சுழியம், ஆனாலும் வாங்குகிறார். கூட்டினால் 70 ரூபாய். இதுதான் நுகர்வோர் உபரி. தரத் தயாராக இருந்ததற்கும் தந்ததற்கும் உள்ள வித்தியாசம், வாங்கிய ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனியே பார்த்துக் கூட்டியது. இப்படி அளக்கலாம் என்ற யோசனையை 1844-லேயே எழுதியவர் பிரெஞ்சுப் பொறியாளர் துப்புய். ஒரு பாலத்தால் மக்களுக்கு என்ன பயன் என்பதை வசூலான சுங்கத்தை வைத்து மட்டும் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம்.

ஐந்தாவது பெண்ணை என்ன செய்வது? 25 கழித்தல் 40, அதாவது மைனஸ் 15 என்று போட்டு, மொத்தத்தை 55 ஆக்கிய விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அவர் வாங்கவே இல்லை. கடையைத் தாண்டிப் போய்விட்டார். அவருக்கு உபரியும் இல்லை, நட்டமும் இல்லை. வாங்காத அலகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது இதை வரையுங்கள். கிடை அச்சில் முழங்கள், செங்குத்து அச்சில் ரூபாய். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பட்டை: உயரம் 80, 60, 50, 40, 25. படிக்கட்டு மாதிரி இறங்கும். 40-ல் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பட்டைப் பகுதிகளின் பரப்பளவு 40 + 20 + 10. ஐந்து பேருக்குப் பதில் ஐயாயிரம் பேர் வந்தால் படிகள் கண்ணுக்குத் தெரியாமல் நெருங்கி ஒரு சரிவான கோடாகிவிடும். அதுதான் தேவைக் கோடு. தேவைக் கோட்டை "இந்த விலைக்கு இவ்வளவு வாங்குவார்கள்" என்று பக்கவாட்டில் படிக்கத்தான் பழகியிருப்பீர்கள். உபரி கணக்குக்கு அதை மேலும் கீழுமாகப் படிக்க வேண்டும்: "இந்த ஐந்நூறாவது கிலோவுக்கு அதை வாங்குகிறவர் அதிகபட்சம் எவ்வளவு தருவார்?" கோட்டின் உயரமே அதற்கு விடை.

"கட்டுப்படியாகாது" என்பதுதான் அளிப்புக் கோடு

அந்த அம்மாவிடம் "முப்பதுக்குக் குடுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். "கட்டுப்படியாகாது தம்பி" என்பார். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் விளக்குவதை நம் ஊர் வியாபாரி ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஒவ்வோர் அலகுக்கும் விற்கிறவருக்கு ஒரு கட்டுப்படி விலை உண்டு. அதற்குக் கீழே போனால் அந்த அலகை அவர் விற்க மாட்டார். அந்தக் கட்டுப்படி விலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் அளிப்புக் கோடு.

அது ஏன் மேலேறுகிறது என்பதைத் தோட்டத்தில் பார்க்கலாம். மல்லிகையை மொட்டாக, விரிவதற்கு முன் பறித்துவிட வேண்டும். விடிகாலையிலேயே வேலை தொடங்கிவிடும். மொட்டு அடர்ந்த வரிசைகளில் முதல் சில கிலோ சீக்கிரம் சேர்ந்துவிடும், வீட்டு ஆட்களே பறித்துவிடுவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். கடைசிக் கிலோக்கள் செடிக்கு நாலு மொட்டு இருக்கும் வரிசைகளிலிருந்து வர வேண்டும். ஒரு கிலோ சேர்க்க நேரம் இழுக்கும். அடுத்த ஒரு கிலோவைக் கொண்டுவர ஆகும் கூடுதல் செலவு, அதாவது இறுதிநிலைச் செலவு, இப்படித்தான் ஏறுகிறது.

எல்லாக் கிலோவும் ஒரே விலைக்குப் போகிறது. ஆனால் முதல் கிலோவின் கட்டுப்படி விலை 300, கடைசிக் கிலோவுடையது 700. விலை 700 என்றால் முதல் கிலோவில் 400 மிச்சம், கடைசிக் கிலோவில் ஒன்றுமில்லை. இந்த மிச்சங்களின் கூட்டல்தான் உற்பத்தியாளர் உபரி. படத்தில் அது விலைக் கோட்டுக்குக் கீழே, அளிப்புக் கோட்டுக்கு மேலே.

சமன்பாட்டைத் திருப்பிப் போடுங்கள்

சாதாரண நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேர்வில் கேள்வி பெரும்பாலும் இப்படி வரும்:

```
Qd = 1500 - P
Qs = 2P - 600
```

Q கிலோ, P ஒரு கிலோவின் விலை. கணிதத்தில் எதைக் கொண்டு எதைக் கண்டுபிடிக்கிறோமோ, கண்டுபிடிப்பதுதான் செங்குத்து அச்சில் இருக்கும். பொருளியலில் மார்ஷல் காலத்திலிருந்து விலை செங்குத்து அச்சில் உட்கார்ந்துவிட்டது. அந்த வழக்கத்தை மாற்ற நம்மால் ஆகாது. ஆகவே வரைவதற்கு முன் P தனியாக நிற்கும்படி திருப்பி எழுதிவிடுங்கள்:

```
தேவை:   P = 1500 - Q
அளிப்பு:  P = 300 + 0.5Q
```

இதைச் செய்யாமல் அளிப்பில் P = 0 என்று போட்டால் −600 என்று வரும். அதைப் பார்த்து மிரண்டு, அளிப்புக் கோட்டை மூலைப் புள்ளியிலிருந்து வரைந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி வரைந்தால் முக்கோணத்தின் கீழ் மூலை 300-க்குப் பதில் சுழியத்துக்கு இறங்கி, உற்பத்தியாளர் உபரி கன்னாபின்னாவென்று பெருத்துவிடும். திருப்பி எழுதினால் தேவைக் கோடு 1500-லும் அளிப்புக் கோடு 300-லும் செங்குத்து அச்சைத் தொடுவது தானாகவே தெரியும். 1500-க்கு மேல் மல்லிகை வாங்க ஆளில்லை. 300-க்குக் கீழே பறிக்க ஆளில்லை.

இரண்டையும் சமப்படுத்துங்கள். 1500 − Q = 300 + 0.5Q என்றால் 1.5Q = 1200. Q = 800 கிலோ, P = 700 ரூபாய்.

இனி முக்கோணங்கள். நுகர்வோர் உபரி முக்கோணத்தின் நீளம் 800, உயரம் 1500-க்கும் 700-க்கும் உள்ள இடைவெளி, அதாவது 800. பாதி × 800 × 800 = 3,20,000. உற்பத்தியாளர் முக்கோணத்தின் நீளம் அதே 800, உயரம் 700 − 300 = 400. பாதி × 800 × 400 = 1,60,000. கிலோவை, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதால் பெருக்குகிறோம். கிலோ அடிபட்டுப் போய் ரூபாய் மட்டும் மிஞ்சும். உங்கள் விடை ரூபாயில் வரவில்லை என்றால் எங்கோ அச்சுகள் மாறிவிட்டன.

சரிபார்க்க ஒரு வழி: இரண்டையும் கூட்டினால் 4,80,000. விலையே தெரியாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். கோடுகள் செங்குத்து அச்சில் 1500-க்கும் 300-க்கும் நடுவே 1200 அகலமாகத் திறந்து, 800-ல் சேர்ந்துகொள்கின்றன. பாதி × 1200 × 800 = 4,80,000. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மார்கழி: விலை ஏறியும் உபரி இறங்குகிறது

பனி விழும் மாதங்களில் செடியில் மொட்டு குறைந்துபோகும். அதே வரிசைகளில் அதே நேரம் நடந்தாலும் கூடையில் பாதிதான் சேரும். ஒவ்வொரு கிலோவின் கட்டுப்படி விலையும் மேலே போகிறது. கணக்குக்காக எல்லாக் கிலோவுக்கும் 300 ரூபாய் கூடிவிட்டது என்று வைப்போம்:

```
அளிப்பு:  P = 600 + 0.5Q
```

தேவை மாறவில்லை. 1500 − Q = 600 + 0.5Q. Q = 600, P = 900. நுகர்வோர் உபரி பாதி × 600 × 600 = 1,80,000. உற்பத்தியாளர் உபரி பாதி × 600 × 300 = 90,000. விலை 200 ரூபாய் ஏறியும் விவசாயிகளின் உபரி 1,60,000-லிருந்து 90,000-க்கு விழுந்துவிட்டது.

இதை நம்ப மறுக்கிற மாணவர்களுக்கு நான் முக்கோணங்களைக் கழிக்கச் சொல்வதில்லை. போன பரப்பைத் துண்டுபோட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்போதுதான் யார் எதை இழந்தார் என்பது தெரியும்.

வாங்குகிறவர்கள் பக்கம்: 700-க்கும் 900-க்கும் நடுவே உள்ள பட்டையைப் பாருங்கள். அதன் இடப்பக்கம் ஒரு செவ்வகம், 600 கிலோ நீளம், 200 ரூபாய் உயரம். பரப்பு 1,20,000. இது இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் கூடுதலாகத் தந்த பணம். அதன் வலப்பக்கம் ஒரு சிறு முக்கோணம், 200 கிலோ நீளம், 200 ரூபாய் உயரம். பரப்பு 20,000. இது "இந்த விலைக்குப் பூவே வேண்டாம்" என்று விலகிப் போனவர்கள் இழந்தது. இரண்டும் சேர்ந்து 1,40,000. 3,20,000-ல் இதைக் கழித்தால் 1,80,000. சரியாக வருகிறது.

விற்கிறவர்கள் பக்கம்: அந்த 1,20,000 அப்படியே விவசாயிக்குத்தானே போயிருக்க வேண்டும்? கைக்கு வந்தது உண்மைதான். ஆனால் கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலாக வந்தபோது, கிலோவுக்கு 300 ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. விற்ற 600 கிலோவில் கிலோவுக்கு 100 வீதம் 60,000 போயிற்று. விற்காமல் விட்ட 200 கிலோவில் முன்பு கிடைத்துக்கொண்டிருந்த சிறு முக்கோணம், பாதி × 200 × 100 = 10,000, அதுவும் போயிற்று. மொத்தம் 70,000. 1,60,000-ல் கழித்தால் 90,000.

விலை ஏன் முழு 300-ம் ஏறவில்லை? ஏறியிருந்தால் விவசாயிக்கு நட்டமில்லை. ஆனால் விலை ஏற ஏற வாங்குகிறவர்களில் சிலர் கனகாம்பரத்துக்கும் சம்பங்கிக்கும் போய்விடுகிறார்கள். தேவைக் கோடு சரிவாக இருக்கும்வரை செலவின் ஒரு பகுதி விற்கிறவர் தலையில்தான் விழும். கோடு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக வாங்குகிறவர் தலைக்கு மாறும்.

இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. அளிப்பு நேர்கோடாக இருந்து, சரிவு மாறாமல் மேலும் கீழும் மட்டும் நகர்ந்தால், உற்பத்தியாளர் உபரி எப்போதும் பாதி × சரிவு × Q². நம் கணக்கில் 0.25 × Q². 800 போட்டால் 1,60,000. 600 போட்டால் 90,000. விலை இந்தச் சூத்திரத்தில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்ற அளவு குறைந்தால் உபரி குறையும், அவ்வளவுதான். ஆனால் இது சரிவு மாறாத நகர்வுக்கு மட்டும். பனியால் அளிப்புக் கோட்டின் சரிவே மாறினால், தேவையும் செங்குத்தாக இருந்தால், உபரி கூடவும் செய்யலாம்.

இன்னொன்று: இது எல்லா விவசாயிகளுக்குமான கூட்டுத்தொகை. தன் தோட்டம் மட்டும் பனியில் அடிபடாத ஒருவருக்குச் செலவு பழையதுதான், விலை மட்டும் 900. அவர் காட்டில் மழை. முக்கோணம் ஊர்க் கணக்கைச் சொல்கிறது. தனியாள் கணக்கை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

வைகாசி: அதே 900

முகூர்த்த நாளில் பூ பறிக்கும் செலவு மாறவில்லை. தேவை மட்டும் கூடுகிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் 600 ரூபாய் கூடுதலாகத் தர ஆள் இருக்கிறது என்று வைப்போம்:

```
தேவை:   P = 2100 - Q
அளிப்பு:  P = 300 + 0.5Q
```

Q = 1200, P = 900. உற்பத்தியாளர் உபரி பாதி × 1200 × 600 = 3,60,000. சாதாரண நாளின் 1,60,000-ஐ இரண்டேகாலால் பெருக்கியது. கூடுதல் 2,00,000-ஐயும் துண்டுபோட்டுப் பார்க்கலாம்: பழைய 800 கிலோவில் கிலோவுக்கு 200 வீதம் 1,60,000; புதிதாக வந்த 400 கிலோவில் பாதி × 400 × 200 = 40,000. இந்த முறை 200 ரூபாய் ஏற்றம் முழுவதும் விவசாயிக்கே, ஏனென்றால் செலவு ஏறவில்லை.

நுகர்வோர் உபரி பாதி × 1200 × 1200 = 7,20,000. "விலை ஏறியும் நுகர்வோர் உபரி கூடியிருக்கிறது" என்று எழுதலாம்தான், ஆனால் கொஞ்சம் நிதானமாக. அளவுகோலே மாறியிருக்கிறது. இன்றைக்குப் பூ அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்பதால் முக்கோணம் பெரிதாகத் தெரிகிறது. கல்யாண வீட்டுக்காரர் மார்கழியைவிட இன்று அதிகச் சந்தோஷமாகப் பணம் தருகிறார் என்று இதற்குப் பொருளல்ல. தேவை நகராத மார்கழிக் கணக்கில் ஒப்பீடு சுத்தமானது. இதில் அப்படிச் சொல்ல முடியாது.

ஆக, தேர்வில் விலை ஏறியது என்று மட்டும் கொடுத்தால் உடனே விடை எழுதாதீர்கள். எந்தக் கோடு நகர்ந்தது என்று முதலில் கேளுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால், விற்ற அளவு என்ன ஆனது என்று தேடுங்கள். விலை ஏறி அளவு குறைந்திருந்தால் அளிப்பு நகர்ந்திருக்கிறது. இரண்டும் ஏறியிருந்தால் தேவை.

உபரி வேறு, லாபம் வேறு

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். மார்கழியிலும் 90,000 உபரி இருக்கிறதே, அப்படியானால் விவசாயிக்கு லாபம்தானே? இல்லை. அளிப்புக் கோட்டில் இருப்பது பறித்தால் மட்டும் ஆகும் செலவு. செடி நட்டது, போர் போட்டது, நிலக் குத்தகை இவையெல்லாம் பூப் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் ஆகிவிட்டவை. அந்தக் கோட்டில் அவற்றுக்கு இடமில்லை.

அந்த மாறாச் செலவில் ஒரு நாளின் பங்கு, எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்து 1,00,000 என்று வைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் 1,60,000 உபரி, லாபம் 60,000. மார்கழியில் 90,000 உபரி, நட்டம் 10,000. அப்படியானால் ஏன் பறிக்கிறார்கள்? பறிக்காமல் விட்டால் நட்டம் 1,00,000. "கைக்காசு போட்டுத்தான் பூ எடுக்கிறோம்" என்று ஒரு விவசாயி சொல்வதும், அவர் மறுநாளும் பூ எடுப்பதும் முரண்பாடில்லை. உற்பத்தியாளர் உபரி என்பது லாபமும் மாறாச் செலவும் சேர்ந்தது. தேர்வில் இந்த ஒரு வரிக்கே தனி மதிப்பெண் உண்டு.

இதையே இன்னும் குறுகிய நேரத்துக்குப் பொருத்தினால், பறித்த பூ மார்க்கெட்டுக்கு வந்த பிறகு பறிகூலியும் ஆகிவிட்ட செலவுதான். மல்லிகையை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது, மொட்டு விரிந்துவிடும். அந்த நேரத்துக்கு அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அப்போது விற்ற பணம் முழுவதுமே உபரி ஆகிவிடும். எந்தக் கட்டத்துக்கு அளிப்புக் கோடு வரைகிறோம் என்பதைப் பொறுத்துப் பரப்பளவே மாறும். மேலே நான் வரைந்தது, விடியுமுன் எத்தனை ஆள் வைப்பது என்று முடிவெடுக்கும் கட்டத்துக்கானது.

பூ யார் கைக்குப் போனது?

நுகர்வோர் முக்கோணத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் வாங்கினார்கள் என்பது. விலை தானாக ஏறி இறங்கினால் அது நடந்துவிடும். விலையைக் கட்டிப்போட்டால் நடக்காது. மல்லிகைக்கு உச்சவரம்பு கிடையாது, கற்பனைக்குத்தான்: சாதாரண நாளில் கிலோ 500-க்கு மேல் விற்கக் கூடாது என்று ஓர் உத்தரவு.

அளிப்பில் 500 போட்டால் 400 கிலோதான் வரும். உற்பத்தியாளர் உபரி பாதி × 400 × 200 = 40,000. நுகர்வோர் பக்கம் இப்போது முக்கோணமல்ல, சரிவகம். 400-ஆவது கிலோவுக்குத் தேவைக் கோட்டின் உயரம் 1100. மேலே ஒரு முக்கோணம், பாதி × 400 × 400 = 80,000. அதற்குக் கீழே 500-லிருந்து 1100 வரை ஒரு செவ்வகம், 400 × 600 = 2,40,000. மொத்தம் 3,20,000. பழைய தொகையே! நுகர்வோருக்கு ஒன்றும் போகவில்லை, விவசாயிகளுக்கு மட்டும் 1,20,000 போயிற்று என்று புத்தகம் முடித்துவிடும். அந்த 1,20,000 யாருக்கும் போய்ச் சேரவில்லை. 400-க்கும் 800-க்கும் நடுவே இரண்டு கோடுகளும் அடைத்திருக்கும் முக்கோணம், பாதி × 400 × 600, அப்படியே வீணாகிறது.

ஆனால் 500 ரூபாய்க்கு எத்தனை பேர் கேட்பார்கள்? 1000 கிலோ அளவுக்குக் கேட்பார்கள். இருப்பது 400. முதலில் வந்தவருக்குத்தான் பூ என்றால், 1500 தரத் தயாராக இருக்கும் கல்யாண வீட்டுக்காரரும் 520-க்கு மேல் தர மாட்டேன் என்கிறவரும் ஒரே வரிசையில். குலுக்கல்போல் பத்துக்கு நாலு பேருக்குக் கிடைக்கும் என்று வைத்தால், 500-க்கு மேலே உள்ள முழு முக்கோணம் பாதி × 1000 × 1000 = 5,00,000; அதில் பத்தில் நான்கு பங்கு 2,00,000. நுகர்வோருக்கும் 1,20,000 போய்விட்டது. படத்தில் வரைந்த சரிவகம், நடக்கக்கூடியவற்றில் மிக நல்ல நிலைமை மட்டுமே. உச்சவரம்புக் கேள்வியில் "அதிகம் மதிப்பவருக்கே கிடைக்கிறது என்று கொண்டால்" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், திருத்துகிறவர் உங்களைக் கவனிப்பார்.

எந்தப் பரப்பை நம்பலாம்

1500 என்ற மேல்முனையை யாரும் பார்த்ததில்லை. விலை 500-க்கும் 1100-க்கும் நடுவே ஏறியிறங்கிய நாட்களின் விற்பனையை வைத்துக் கோட்டைப் போட்டு, அடிக்கோலை மேலே நீட்டியிருக்கிறோம். அங்கே கோடு வளைந்திருக்கலாம். அதனால் 3,20,000 என்ற முழு முக்கோணத்தைவிட, மார்கழியில் போன 1,40,000 என்ற பட்டையே நம்பகமானது. அந்தப் பட்டை முழுக்க 700-க்கும் 900-க்கும் நடுவே இருக்கிறது. அங்கே கோடு எப்படிப் போகிறது என்பது நமக்குத் தெரியும்.

பரப்பைக் கூட்டும்போது எல்லார் ரூபாயையும் ஒரே எடையாக வைக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். மண்டபம் முழுக்க மல்லிகைத் தோரணம் கட்டுகிறவரின் 200 ரூபாயும், வெள்ளிக்கிழமை சாமிக்கு ஒரு முழம் வாங்கியவரின் 20 ரூபாயும் இந்தப் படத்தில் ரூபாய் மட்டும்தான்.

கடைசியாக ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தை மாதம்: பனி விடவில்லை, முகூர்த்தமும் தொடங்கிவிட்டது. இரண்டு கோடுகளும் சேர்ந்து நகர்கின்றன. P = 2100 − Q, P = 600 + 0.5Q. Q = 1000, P = 1100 என்று வர வேண்டும். நுகர்வோர் உபரி 5,00,000, உற்பத்தியாளர் உபரி 2,50,000. மார்கழியிலிருந்து தைக்கு வரும்போதும் விலை 200 ஏறியிருக்கிறது. இந்த முறை அந்த 200 யாருக்குப் போனது என்பதைச் செவ்வகமும் முக்கோணமுமாக வெட்டி எழுதுங்கள். விவசாயி பக்கத்தில் 1,20,000-ம் 40,000-ம் கிடைத்தால் கோடுகளைச் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.